வீட்டுக் கடனும் 30 பவுணும்: எங்கள் குடும்ப ஐந்தொகையைச் சரிபார்த்துத் தர முடியுமா?

களுவாஞ்சிக்குடியான்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மனைவி அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியர். இரண்டு பெண் பிள்ளைகள். வீடு களுவாஞ்சிக்குடியில், மனைவியின் அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த 20 பேர்ச் காணியில் கட்டியது. இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியில் கை வறண்டு போகிறது. உண்மையில் எங்களிடம் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமென்று ஒரு கொப்பியில் எழுதினேன்.

சொத்துப் பக்கம்: வீடு 150 இலட்சம். நகை 18 பவுண், பவுண் 3 இலட்சம்படி 54 இலட்சம். என்னுடைய சேமலாப நிதி 18 இலட்சம். மோட்டார் சைக்கிள் 6 இலட்சம். சேமிப்புப் புத்தகத்தில் இரண்டரை இலட்சம். சீட்டுக்குக் கட்டியது 3 இலட்சம். கூட்டினால் 233 இலட்சத்து 50 ஆயிரம்.

பொறுப்புப் பக்கம்: வீட்டுக் கடன் மட்டும்தான். 50 இலட்சம் எடுத்து 5 வருடம் முடிந்துவிட்டது. 12 வீத நிலையான வட்டி, 15 வருடம், மாதம் 60,000. இன்னும் 120 தவணை இருக்கிறது, அதனால் 72 இலட்சம்.

கழித்தால் தேறிய பெறுமதி 161 இலட்சத்து 50 ஆயிரம். ஒன்றரைக் கோடிக்கு மேல் சொத்துள்ளவன் மாதக் கடைசியில் பெற்றோலுக்கு யோசிக்கிறேன் என்றால் கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடிப் பெடியன்

அண்ணன், விசாவுக்கா? மகள்மாரை வெளியில் படிக்க அனுப்பவா? அப்படியென்றால் கொப்பியில் எழுதியது செல்லாது. கணக்காளர் ஒருவரின் கையெழுத்தோடு எடுக்க வேண்டும், வீட்டுக்கு மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். எனக்கு எடுத்தபோது மதிப்பீட்டாளர் வந்து வீட்டை நாலு பக்கமும் படமெடுத்து நல்ல விலை போட்டுத் தந்தார். அறிக்கை கனமாக இருந்தால் நல்லது.

களுவாஞ்சிக்குடியான்

இல்லைத் தம்பி, விசாவுக்கில்லை. எங்களுக்கே தெரிய வேண்டும் என்றுதான்.

பாலமீன்மடு

தம்பி களுவாஞ்சிக்குடியான், நான் வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். விசாவுக்கு எழுதும் கணக்கில் எல்லாவற்றையும் எவ்வளவு உயர்த்திக் காட்டலாம் என்று பார்ப்பார்கள். நீங்கள் எழுத வேண்டியது, இன்றைக்கே விற்றுக் கடனெல்லாம் தீர்த்தால் கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு. அதனால் அந்த மதிப்பீட்டறிக்கைப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் கடனைப் பார்ப்போம், உங்கள் பெரிய பிழை அங்கேதான். 120 தவணையையும் 60,000 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அதற்குள் அடுத்த 10 வருட வட்டியும் சேர்ந்திருக்கிறது. இன்னும் வராத வருடங்களின் வட்டி இன்றைக்குக் கடனில்லை. இன்று நீங்கள் வங்கிக்குப் போய் மொத்தமாகக் கட்டி முடிக்கிறேன் என்றால் அவர்கள் கேட்கும் தொகைதான் கடன் மீதி. அதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், தருவார்கள். அதுவரைக்கும் கணினியில் விரிதாள் இருந்தால் ஒரு கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=PV(0.12/12,120,-60000)
```

41 இலட்சத்து 82 ஆயிரம் சொச்சம் வரும். ஆக உங்கள் பொறுப்பு 72 இல்லை, கிட்டத்தட்ட 41 இலட்சத்து 80 ஆயிரம்.

சந்தோஷப்படுவதற்கு முன் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 5 வருடத்தில் நீங்கள் கட்டியது 36 இலட்சம். முதலில் குறைந்தது 8 இலட்சத்து 20 ஆயிரம் மட்டும். மிச்சமெல்லாம் வட்டி. முதல் மாதம் கட்டிய 60,000 இல் 50,000 வட்டிக்குப் போய் 10,000 தான் முதலுக்குப் போனது. இப்போது மாதம் 18,000 அளவில் முதலுக்குப் போகிறது. இனிமேல்தான் கடன் வேகமாகக் கரையத் தொடங்கும்.

கல்முனைத் தவணை

அக்கா சொல்வது நிலையான வட்டிக்காரருக்குச் சரி. என் கடன் மாறும் வட்டி. 2022 இல் நாடு கவிழ்ந்து மத்திய வங்கி வட்டியை ஏற்றியபோது என் வட்டி இரண்டு மடங்குக்கு மேல் போனது. நான் கட்டிய தவணை வட்டிக்கே போதவில்லை. தவணையை ஏற்ற முடியாது என்று சொன்னேன். சரி, காலத்தை நீட்டுகிறோம் என்றார்கள். கையெழுத்து வைத்தேன். பிறகு கூற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு வருடம் கட்டியும் மீதி முன்பைவிடக் கூடியிருந்தது, கட்டாத வட்டியை முதலோடு சேர்த்திருந்தார்கள். அதனால் மாறும் வட்டிக்காரர் இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். வங்கிக் கூற்றிலுள்ள மீதியைத்தான் எழுத வேண்டும்.

பாலமீன்மடு

உண்மை. இந்தச் சூத்திரம் வட்டி ஒரு தடவைகூட மாறாத கடனுக்கு மட்டும்தான்.

சரி, அடுத்தது நகை. தம்பி, இரண்டு சம்பளம் எடுக்கிற, சீதனம் வந்த குடும்பத்தில் வெறும் 18 பவுணா? அடைவில் ஒன்றும் இல்லையா?

களுவாஞ்சிக்குடியான்

தலைப்பில் நானே 30 என்று போட்டுவிட்டேன், அதைப் பிடித்துவிட்டீர்கள். 12 பவுண் அடைவில் இருக்கிறது. 8 மாதத்துக்கு முன் பின் குசினியும் மாடிப்படியும் கட்ட 20 இலட்சம் எடுத்தோம். வட்டி 15 வீதம். நகை கையில் இல்லை, அதனால் சொத்தில் போடவில்லை. சொத்தில் போடாததால் கடனிலும் போடவில்லை. ஒன்றுக்கொன்று சரி என்று நினைத்தேன்.

அக்கரைப்பற்று வயல்

அதுவும் சரிதானே. நகையை எடுத்துக்கொண்டு காசு தந்தான், காசைக் கொடுத்தால் நகை வரும். கணக்கு நேர்.

பாலமீன்மடு

நேரில்லை. நகையின் பெறுமதியும் அடைவுத் தொகையும் ஒன்றல்லவே. பெறுமதியில் ஒரு பங்கைத்தான் வங்கி தரும். மிச்சம் உங்களுடையதுதான், அது வங்கிப் பெட்டகத்துக்குள் கிடக்கிறது. மற்றது, அந்தக் கடன் ஒவ்வொரு நாளும் வளர்கிறது. 20 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் மாதம் 25,000. 8 மாதத்தில் 2 இலட்சம். இன்றைக்கு மீட்கப் போனால் 22 இலட்சம் கட்ட வேண்டும். ஆகவே நகையை முழுப் பெறுமதியில் சொத்துப் பக்கத்திலும், 22 இலட்சத்தைப் பொறுப்புப் பக்கத்திலும் தனித்தனியே எழுத வேண்டும்.

அடைவுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மொத்த நிறையும் தேறிய நிறையும் கிராமில் இருக்கும். தேறிய நிறை எவ்வளவு?

களுவாஞ்சிக்குடியான்

மொத்தம் 96 கிராம். தேறியது 84 கிராம் என்று இருக்கிறது. 12 கிராமை எங்கே விட்டார்கள்?

பாலமீன்மடு

எங்கேயும் விடவில்லை. கல், அரக்கு, முத்து, கொளுக்கியின் உள்ளே இருக்கும் கம்பி, அதெல்லாம்தான் அந்த 12 கிராம். 8 கிராம் ஒரு பவுண், ஆக அங்கே இருக்கும் தங்கம் பத்தரைப் பவுண். நகைக் கடையில் வாங்கும்போது கல்லையும் தங்க விலையில் நிறுத்துத் தந்திருப்பார்கள், விற்கும்போது அதை யாரும் நிறுக்க மாட்டார்கள். வங்கியில் உரைத்துப் பார்த்துக் கரட்டையும் எழுதுவார்கள். வீட்டில் "இது அந்தக் காலத்து நல்ல பவுண்" என்று அம்மம்மா சொன்ன நகை உரைகல்லில் 20 கரட்டாக நிற்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வேறு வழியில் ஓசியில் கிடைக்காத தகவல் அந்தச் சீட்டில் இருக்கிறது, படமெடுத்து வையுங்கள்.

வீட்டிலிருக்கும் 18 ஐயும் அதேபோல் பார்க்க வேண்டும். தாலிக்கொடியும் வளையலும் பெரும்பாலும் முழுத் தங்கம். அட்டியல், தோடு, பதக்கம்தான் ஏமாற்றும். சும்மா 16.5 பவுண் என்று வைத்துக்கொள்வோம். அதையும் சேர்த்தால் 27.

அடுத்தது விலை. 3 இலட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கடை உங்களுக்கு விற்கும் விலை. நீங்கள் கொண்டுபோனால் எவ்வளவு தருவான் என்று கேட்டீர்களா?

களுவாஞ்சிக்குடியான்

கேட்டேன். 22 கரட் என்றால் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு எடுப்பதாகச் சொன்னார்.

பாலமீன்மடு

அப்போது 27 ஐ அதனால் பெருக்குங்கள். 75 இலட்சத்து 60 ஆயிரம். செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போன காசு. அதை எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டாம்.

ஏறாவூர்க் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். இடையில் ஒரு கேள்வி. நாங்கள் வருடா வருடம் ஸக்காத்துக்காக இப்படி ஒரு கணக்குப் போடுவோம். 85 கிராம் வந்தால் இரண்டரை வீதம். ராத்தாவின் நகை 20 பவுண் இருக்கிறது, வீட்டுக் கடனும் இருக்கிறது. இந்தக் கணக்கில் வரும் தேறிய பெறுமதிக்கு இரண்டரை வீதம் எடுத்தால் போதுமா?

பாலமீன்மடு

காக்கா, அதை ஆலிம் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவில் இந்தத் தாளும் அந்தத் தாளும் வேறு. குடியிருக்கும் வீடு உங்கள் கணக்கில் வராது, இதில் அதுதான் பெரிய வரி.

ஏறாவூர்க் காக்கா

வீடு வராது, அது சரி. அணியும் நகை ஷாபிஈ மத்ஹபில் வராது என்பார்கள், வேறு மத்ஹபில் வரும் என்பார்கள். எங்கள் வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி. சரி, நிறைக் கணக்காவது பயன்பட்டது. நாங்களும் கல்லோடு சேர்த்துத்தான் நிறுத்துக்கொண்டிருந்தோம்.

அக்கரைப்பற்று வயல்

வீட்டுக்கு வாருங்கள். களுவாஞ்சிக்குடியில் 20 பேர்ச்சும் வீடும் ஒன்றரைக் கோடி என்பது குறைவு. பக்கத்தில் ரோட்டோரம் ஒருவர் 2 கோடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பாலமீன்மடு

கேட்டுக்கொண்டிருக்கிறாரா, விற்றுவிட்டாரா?

அக்கரைப்பற்று வயல்

கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றரை வருடமாக.

களுவாஞ்சிக்குடியான்

நான் 150 போட்டது வேறு கணக்கில். காணி விலை, முதல் கட்டிய செலவு, மேலே இப்போது போட்ட 20 இலட்சம், எல்லாம் கூட்டினால் 150 தாண்டும்.

பாலமீன்மடு

போட்ட காசு வீட்டின் விலை ஆகாது தம்பி. பின் குசினிக்கும் மாடிப்படிக்கும் 20 இலட்சம் போனது உண்மைதான், ஆனால் வாங்க வருபவன் அதற்காக 20 இலட்சம் கூட்டித் தர மாட்டான். மேலே அறையே இல்லாத மாடிப்படிக்கு ஒன்றும் தர மாட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

உங்கள் ஒழுங்கையிலோ பக்கத்து ஒழுங்கையிலோ கடைசியாகக் கைமாறிய வீட்டைத் தேடுங்கள். உறுதியில் எழுதிய விலையைப் பார்க்க வேண்டாம், முத்திரைச் செலவுக்காகக் குறைத்து எழுதும் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். வாங்கியவரிடமோ தரகரிடமோ கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்

பின் ஒழுங்கையில் எங்களுடையதைப் போன்ற வீடு ஒன்று போனது. தரகரிடம் கேட்டேன், 110 க்கு முடிந்ததாம். எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

ஆரையம்பதி ரீச்சர்

மகன், நான் கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர் இல்லை, தமிழ் ரீச்சர். ஆனால் எங்கள் பக்கத்து உறுதிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமி எழுதித் தந்த நன்கொடை உறுதியில் சீவிய உரித்து வைத்திருக்கிறாவா? அதாவது உயிரோடு இருக்கும்வரை அதில் இருந்து அனுபவிக்கும் உரிமை. இருந்தால் மாமி கையெழுத்து வைக்காமல் அந்த வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். 110 என்ற விலை அவவின் சம்மதத்தோடுதான் வரும்.

களுவாஞ்சிக்குடியான்

இருக்கிறது ரீச்சர். ஈடு வைக்கும்போது வங்கியும் மாமியிடம் கையெழுத்து வாங்கியது. மாமி எங்களோடுதான் இருக்கிறா.

ஆரையம்பதி ரீச்சர்

பார்த்தீர்களா. அதோடு இன்னொன்று. காணி உங்கள் மனைவியின் பெயரில். அப்போது நீங்கள் யாருடைய ஐந்தொகை எழுதுகிறீர்கள்?

களுவாஞ்சிக்குடியான்

குடும்பத்தினுடையதுதான் ரீச்சர். எங்களுக்குள் என்ன பிரிவினை.

பாலமீன்மடு

ரீச்சர் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறா. தேசவழமை வடக்கு மாகாணத்துத் தமிழருக்கானது. இங்கே பொதுச் சட்டம், மனைவியின் பெயரில் இருப்பது மனைவியுடையதுதான். குடும்பத்துக்கு ஒரே தாள் எழுதலாம், ஆனால் பக்கத்தில் பெயர் போட்டு இரண்டு நிரலாகப் பிரியுங்கள். அதற்கு முன் விட்டதைச் சேர்ப்போம். மனைவிக்கு இடர் கடன் ஏதும் இருக்கிறதா?

களுவாஞ்சிக்குடியான்

சம்பளத்தில் வெட்டுகிறார்கள். சம்பளச் சீட்டின்படி இன்னும் 3 இலட்சத்து 60 ஆயிரம். கையில் வருவது வெட்டிய சம்பளம் என்பதால் அதைக் கடனாகவே நினைக்கவில்லை.

பாலமீன்மடு

சீட்டு? 3 இலட்சம் கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதினீர்கள். எடுத்தாயிற்றா?

களுவாஞ்சிக்குடியான்

20 பேர், மாதம் 25,000. 12 மாதம் கட்டியாயிற்று. நாலாம் மாதமே எடுத்துவிட்டோம்.

கல்முனைத் தவணை

எடுத்த சீட்டுக்குக் கட்டியதைச் சொத்தாகப் போட்டிருக்கிறீர்களா! அண்ணன், எடுத்த பிறகு அது கடன். இன்னும் 8 மாதம், 2 இலட்சம்.

களுவாஞ்சிக்குடியான்

ஆம், தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

பாலமீன்மடு

சேமலாப நிதி 18 இலட்சம் என்பது எங்கே பார்த்தது? வருடாந்த மீதிக் கூற்றிலா, சம்பளத்தில் வெட்டியதைக் கூட்டியா?

களுவாஞ்சிக்குடியான்

கூற்றில்தான்.

பாலமீன்மடு

நல்லது. சிலர் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கூட்டுவார்கள். உங்கள் 8 வீதத்தை வெட்டிவிட்டு, அதையும் தங்களுடைய 12 வீதத்தையும் அனுப்பாமல் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கூற்றில் இல்லாத காசு இல்லாத காசுதான். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை விட்டுவிட்டீர்கள், அது தனி. 3 வீதம் நிறுவனம் கட்டும். உங்கள் சேமலாப நிதியை வைத்துப் பார்த்தால் இரண்டரை இலட்சம் அளவில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 5 போடுங்கள். அதில் சண்டை வேண்டாம்.

இப்போது திருப்பிக் கூட்டுவோம்.

வீடு 110, தங்கம் 75 இலட்சத்து 60 ஆயிரம், சேமலாப நிதி 18, மற்ற நிதி இரண்டரை, மோட்டார் சைக்கிள் 5, சேமிப்பு இரண்டரை. மொத்தம் 213 இலட்சத்து 60 ஆயிரம்.

வீட்டுக் கடன் 41 இலட்சத்து 80 ஆயிரம், அடைவு 22, இடர் கடன் 3 இலட்சத்து 60 ஆயிரம், சீட்டு 2. மொத்தம் 69 இலட்சத்து 40 ஆயிரம்.

தேறியது 144 இலட்சத்து 20 ஆயிரம்.

செங்கலடிப் பெடியன்

அண்ணன் முதலே கடன் 72 என்று போட்டார், இப்போது 69. இவ்வளவு பாடுபட்டு வந்தது கிட்டத்தட்ட அதே கணக்குத்தானே?

பாலமீன்மடு

தொகைதான் கிட்ட வந்திருக்கிறது, உள்ளே இருப்பது வேறு. முன்பு இருந்தது 10 வருடத்தில் மெதுவாகக் கட்டும் ஒரே கடன். இப்போது இருப்பதில் 22 இலட்சம் ஒரு வருடத் தவணை உள்ள அடைவு. 8 மாதம் போய்விட்டது. இன்னும் 4 மாதத்தில் மீட்க வேண்டும், அல்லது வருட வட்டி 3 இலட்சத்தைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அறிவித்தல் வரும், பிறகு ஏலம். தம்பியின் சேமிப்பில் இரண்டரை இலட்சம்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் கை ஏன் வறண்டு போகிறது என்றாரே, வரவைவிட இந்த இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி நிரல் பிரித்துப் பாருங்கள். வீடும் தங்கமும் மனைவியுடையது, அடைவும் இடர் கடனும் அவவின் பெயரில் என்று வைத்தால் அவவுக்குத் தேறுவது 160 இலட்சம். உங்கள் பக்கம் இரு நிதியும் மோட்டார் சைக்கிளும் சேமிப்பும் சேர்ந்து 28 இலட்சம். வீட்டுக் கடன் உங்கள் பெயரில், சீட்டும் உங்கள் பெயரில் என்றால் உங்களுடைய தேறிய பெறுமதி மைனஸ் 15 இலட்சத்து 80 ஆயிரம்.

அக்கரைப்பற்று வயல்

ஹா ஹா! அண்ணன், இன்றிலிருந்து வீட்டில் கொஞ்சம் மரியாதையாக இருங்கள்.

பாலமீன்மடு

சிரிப்பு இருக்கட்டும். கடன் அவருடையது, ஈடு மனைவியின் வீடு. அவருக்கு ஏதாவது நடந்தால் வங்கி வருவது அந்த வீட்டுக்கு. கடன் எடுக்கும்போது கடன் மீதியை மூடும் காப்புறுதி ஒன்று எடுத்திருப்பீர்கள். அது இன்னும் நடப்பிலா, முழு மீதிக்கா, யாருடைய உயிருக்கு என்று பத்திரத்தைப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடியான்

தேடி எடுத்தேன். என் பெயரில்தான். 15 வருடத்துக்கும் இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். வீட்டிலிருக்கும் நகையில் 8 பவுண் விற்றால் 22 இலட்சத்து 40 ஆயிரம் வரும். அதைக் கொண்டு அடைவை மீட்டுவிட்டால்?

அக்கரைப்பற்று வயல்

விற்காதே தம்பி! தங்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. 15 வீத வட்டி கட்டினாலும் தங்கம் அதற்கு மேல் ஏறும். விற்றவன் யாரும் திரும்ப வாங்கியதில்லை. நான் வயலுக்கு உரம் வாங்க ஒவ்வொரு போகமும் அடைவு வைக்கிறேன், அறுவடையில் மீட்கிறேன், ஒரு குண்டுமணி விற்றதில்லை.

பாலமீன்மடு

உங்கள் அடைவு நாலு மாதத்தில் நெல்லு விற்றால் முடிகிறது, அது வேறு. இவருக்கு மீட்க அறுவடை எங்கே இருக்கிறது? சம்பளம் ஏற்கெனவே தவணைக்குப் போகிறது.

தங்கம் வருடா வருடம் 15 வீதம் ஏறும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2013 இல் உலகச் சந்தையில் ஒரே வருடத்தில் கால்வாசிக்கு மேல் விழுந்தது. அப்போது ஊரில் பலர் மீட்கவே வரவில்லை, நகையைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. நாட்டின் வங்கிகள் அடைவில் அடிபட்ட காலம் அது. அந்த மேசையில் இருந்தவள் நான்.

ஆனால் வயல்காரர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்றதைத் திரும்ப வாங்கப் போனால் 3 இலட்சமும் செய்கூலியும். 8 பவுணில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் அங்கேயே போகும். பிறகு வாங்கத்தான் போகிறோம் என்றால் விற்பதில் இலாபம் மெல்லியது. இனி வாங்கப் போவதில்லை, வட்டியை நிறுத்தினால் போதும் என்றால் வருடம் 3 இலட்சம் மிஞ்சும். உங்கள் தேறிய பெறுமதி விற்ற அன்று மாறாது. பத்தரைப் பவுண் வீட்டுக்கு வரும், 8 போகும், 22 இலட்சக் கடன் போகும், அவ்வளவுதான்.

ஆரையம்பதி ரீச்சர்

இரண்டு பெண் பிள்ளைகள் என்றாரே. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், நகையும் போட வேண்டும். அது கடன் இல்லையா? நான் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், பொறுப்புப் பக்கத்தில்.

பாலமீன்மடு

இன்றைக்கு யாரும் கேட்டு வழக்குப் போட முடியாத ஒன்றை நான் பொறுப்பில் எழுத மாட்டேன் ரீச்சர். அப்படி எழுதினால் என் ஓய்வூதியத்தைச் சொத்தில் எழுதச் சொல்வார்கள். அதையும் விற்க முடியாது, அடைவு வைக்க முடியாது.

ஆரையம்பதி ரீச்சர்

ஓய்வூதியத்தை எழுதத்தான் வேண்டும். மாதா மாதம் வரும், நான் இல்லாவிட்டால் விதவை, தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்தில் என் கணவருக்கும் ஒரு பங்கு வரும். தனியார் வேலைக்காரர் 18 இலட்சத்தை எழுதுவார், அரசாங்க ஆசிரியர் ஒன்றுமில்லை என்று எழுதுவதா? இதை நான் ஏற்க மாட்டேன்.

பாலமீன்மடு

எழுதுங்கள், ஆனால் தனித் தாளில்.

தம்பி, அடுத்த வருடம் இதையே திரும்ப எழுதும்போது தங்கத்தை முதலில் பவுணில் எழுதுங்கள், பிறகு விலையில். போன வருடம் கடை 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு எடுத்தது என்று வையுங்கள். 27 பவுணுக்கு 16 இலட்சத்து 20 ஆயிரம் கூடியிருக்கிறது, நீங்கள் ஒரு சதம் சேர்க்காமலே. அதே வருடத்தில் வீட்டுக் கடன் 2 இலட்சம் குறைய, அடைவு 22 இலட்சம் ஏறியிருக்கிறது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கெட்டதாகத் தெரியாது. விலையை அசைக்காமல் வைத்துப் பார்த்தால்தான் நீங்கள் சேர்த்தீர்களா தின்றீர்களா என்று தெரியும்.

களுவாஞ்சிக்குடியான்

இது அவருடைய மனைவி எழுதுகிறேன். இவ்வளவும் வாசித்தேன். இரண்டு திருத்தம்.

ஒன்று, அடைவுச் சீட்டு ஒன்றில்லை, இரண்டு. இவர் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். இரண்டாவது சீட்டில் இருப்பது அம்மாவின் அட்டியல். தேறிய நிறை 28 கிராம். அம்மா அவசரத்துக்குத் தந்தது, எங்களுடையதில்லை. இரண்டு, 8 பவுண் விற்கலாம் என்று இவர் எழுதியிருக்கிறார். எந்த 8 என்று என்னைக் கேட்கவில்லை.

பாலமீன்மடு

வணக்கம் தங்கச்சி. நீங்கள்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

28 கிராம் மூன்றரைப் பவுண். அதை அம்மாவுக்குத் தர வேண்டியது என்று பொறுப்புப் பக்கத்தில் எழுதுங்கள். முக்கியமானது, அதை ரூபாயில் எழுதாமல் பவுணில் எழுதுங்கள். தங்கம் ஏறினால் இந்தக் கடனும் ஏறும், ஏனென்றால் அம்மாவுக்குத் திருப்பித் தர வேண்டியது அட்டியல், காசில்லை. இன்றைய விலையில் 9 இலட்சத்து 80 ஆயிரம். தேறிய பெறுமதி 134 இலட்சத்து 40 ஆயிரமாகிறது. உங்கள் நிரல் 160 இலிருந்து 150 ஆகக் குறைகிறது.

களுவாஞ்சிக்குடியான்

(இது நான்தான்.) அம்மா எப்படியும் அதை இவவுக்குத்தானே தரப் போகிறா. அதையும் கழிக்க வேண்டுமா?

ஆரையம்பதி ரீச்சர்

மகன், மாமிக்கு இன்னொரு மகள் இல்லையா?

களுவாஞ்சிக்குடியான்

இருக்கிறா. திருக்கோவிலில் கல்யாணம் முடித்தவ.

ஆரையம்பதி ரீச்சர்

அப்போது கழியுங்கள்.

பாலமீன்மடு

இரண்டு சீட்டு என்பது ஒரு வகையில் நல்லது. மொத்தமாக 22 இலட்சம் தேட வேண்டியதில்லை, அட்டியல் சீட்டை முதலில் தனியாக மீட்கலாம். அதில் எடுத்த தொகை எவ்வளவு தங்கச்சி?

களுவாஞ்சிக்குடியான்

6 இலட்சம். அதற்கும் 8 மாத வட்டி. 60,000 வரும் என்று நினைக்கிறேன்.

பாலமீன்மடு

அப்போது 6 இலட்சத்து 60 ஆயிரம். விற்பதென்றே முடிவானால் இரண்டரைப் பவுணுக்குள் அந்தச் சீட்டு முடிந்துவிடும். கல்லில்லாத வளையலைப் பாருங்கள், கல் வைத்ததைத் தொடாதீர்கள், அதில்தான் அதிகம் நட்டம். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு, நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்

வளையல் பெரிய மகளுக்கு என்று எடுத்து வைத்தது. அம்மாவிடமும் பேச வேண்டும். சனிக்கிழமை என் தங்கச்சியும் திருக்கோவிலில் இருந்து வருகிறா.

அக்கரைப்பற்று வயல்

தங்கச்சி, விற்காதீர்கள். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.